முப்பத்தோராம் நாளுக்குப் பின்: தனித்து நிற்பவருக்குத் துணையிருத்தல்

பாடத்தின் நோக்கம்: தாயோ தந்தையோ மட்டுமே உறவாக இருந்து, அவரையும் இழந்து, "இனி எனக்கு யார்?" என்று அஞ்சுபவருக்கு எவ்வாறு துணையிருப்பது என்பதை மாதர் சங்கத்தினரும் கிராமத் தொண்டர்களும் அறிந்துகொள்ளல்.

தம்பிலுவில், திருக்கோவில் போன்ற எமது கரையோரக் கிராமங்களில் ஒருவர் இறந்தால் அந்த வீடு தனித்து விடப்படுவதில்லை. பந்தல் போடுவோர், கதிரை அடுக்குவோர், தேநீர் ஊற்றுவோர் என ஊரே வந்து நிற்கும். மரண உதவிச் சங்கம் பணம் கொடுக்கும். எட்டாம் நாள் வரை அடுப்பைப் பற்றிக் கவலையில்லை. முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்ததும் பந்தல் பிரிக்கப்படும், கதிரைகள் திரும்பிப் போகும், வந்தவர்களும் தத்தம் அலுவலைப் பார்ப்பர். கணவன், பிள்ளைகள், சகோதரர்கள் உள்ள வீட்டில் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள ஆட்கள் இருப்பர். தாயும் மகளும் மட்டுமே வாழ்ந்த வீட்டிலோ மகள் முதன்முதலாகத் தனியே இருக்கப்போவது அந்த இரவில்தான்.

எமது பகுதியில் இவ்வாறான வீடுகள் ஒன்றிரண்டல்ல. 1990ஆம் ஆண்டில் பலர் காணாமற்போனார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். இவற்றால் பல குடும்பங்கள் ஒரு பெற்றோரும் ஒரு பிள்ளையுமாகச் சுருங்கின. அன்று எஞ்சிய தாய்மாரும் தந்தைமாரும் இப்போது முதுமையடைந்து ஒவ்வொருவராக மறைகின்றனர். ஆதலால் இப்பாடம் இன்று எமக்கு வேண்டியதாகிறது.

1. பயம் எந்த நேரத்துக்குரியது?

"தனிமை" என்று ஒரே சொல்லால் சொன்னாலும், அதற்குள் பல பயங்கள் இருக்கும். இரவில் கதவைச் சாத்தும்போது வருவது ஒரு பயம். காய்ச்சல் வந்தால் தண்ணீர் தர ஆளில்லையே என்பது வேறொரு பயம். வீட்டை உறவினர் யாராவது கேட்டுவிடுவார்களோ, முதுமையில் யார் பார்ப்பார்கள், ஊர் என்ன பேசும் என்பவை இன்னும் சில. "பயப்படாதே" என்ற பொதுவான ஆறுதல் இவற்றுள் ஒன்றையும் தொடாது. ஆகவே துணையிருக்கச் செல்பவரின் முதல் வேலை ஆறுதல் சொல்வதல்ல. எந்த நேரம், எந்தக் காரியம் அவரை அச்சுறுத்துகிறது என்று கேட்டறிவதே.

பலரின் அனுபவங்களைச் சேர்த்து நாம் அமைத்த ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். தம்பிலுவிலில் 38 வயதான மணமாகாத பெண் ஒருவர். தகப்பன் இல்லை; ஒரே அண்ணனைக் கடல் கொண்டுபோய்விட்டது. பாரிசவாதத்தால் படுக்கையில் கிடந்த தாயை மூன்று வருடங்கள் பார்த்தார். தை மாதத்தில் தாய் இறந்தார். முப்பத்தொன்று முடிந்த மூன்றாம் நாள் மாதர் சங்கத்தைச் சேர்ந்த இருவர் சென்றனர்.

"என்ன புள்ள, எந்த நேரம் உனக்கு ஆகக் கஷ்டமா இருக்கு?" என்று மூத்தவர் கேட்டார்.

"இரவு கூடப் பரவாயில்ல அக்கா. விடிய நாலு மணிக்கு முழிப்பு வந்திரும். அம்மாவுக்குத் தண்ணி சுட வைக்கிற நேரம். எழும்பி அடுப்படிக்குப் போவன். போன பிறகுதான் நினைவு வரும்."

வந்த இருவரும் இரவுத் துணைக்கு ஆள் தேடவேண்டும் என்ற எண்ணத்தோடு வந்திருந்தனர். கேட்டபின்னரே அவரை அதிகம் வாட்டும் நேரம் விடியற்காலை என்று தெரிந்தது. நீண்டகாலம் நோயாளியைப் பார்த்தவர் பெற்றோரை மட்டும் இழப்பதில்லை. மருந்து கொடுக்கும் நேரம், திருப்பிப் படுக்க வைக்கும் நேரம், கஞ்சி வைக்கும் நேரம் என ஒழுங்காக ஓடிய தம் நாளையும் சேர்த்தே இழக்கிறார். கைக்கு வேலையில்லாத அந்த நேரங்களில்தான் பயம் வந்து அமர்கிறது.

2. சொல்லக்கூடாதவை, செய்யக்கூடாதவை

"வயசாளி, நோயில கிடந்தது, போய்ச் சேர்ந்தது நல்லதுதான்" என்று நாம் நல்லெண்ணத்துடன் சொல்வதுண்டு. அந்தத் தாயைத் தவிர வேறு உறவில்லாதவருக்கு இச்சொல் அவரது மூன்று வருட உழைப்பை வீணென்று சொல்வதுபோல் கேட்கும். "எங்களை உன் அம்மாவாக நினை" என்பதும் வேண்டாம். அந்த இடம் நிரப்பப்படும் இடமல்ல. தாயின் பெயரைச் சொல்லி, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பது நல்லது. பேசவிட்டு, அழுதால் அழவிட்டு, அமைதியாக இருந்தால் நாமும் அருகில் அமைதியாக இருக்கலாம்.

அவரை உடனே உறவினர் வீட்டுக்குக் கூட்டிச் செல்வதும் அடிக்கடி நடக்கும் தவறு. எமது பகுதியில் வீடு பெண்ணின் வழியே வருவது. மகளுக்கு அவ்வீடு தாயிடமிருந்து கிடைத்த கடைசித் துணை. பூட்டிக் கிடக்கும் வீட்டில் பிணக்குகள் முளைக்கும். அவருக்கும் பிறர் வீட்டில் ஒதுங்கியிருக்கும் நிலை வரும். அவ்வாறே, "தனியாக இருக்கிறாளே" என்று அவசரப்பட்டுக் கலியாணம் பேசுவதும் பயத்தைக் கொண்டு முடிவெடுக்க வைப்பதாகும். வீடு, காணி, கலியாணம் பற்றிய முடிவுகளைச் சில மாதங்கள் தள்ளிப்போட உதவுவோம். எந்தப் பத்திரத்திலும் வாசித்து விளங்காமல் கையொப்பமிட வேண்டாம் என்று சொல்லிவைப்போம்.

3. நாளும் ஆளும் குறித்தல்

"எந்த நேரமும் கூப்பிடு, வாறம்" என்ற வாக்குறுதி பெரும்பாலும் பயன்படுவதில்லை. துக்கத்திலிருப்பவர் கூப்பிடமாட்டார், பிறருக்குக் கரைச்சல் கொடுக்கிறோமே என்று கூசுவார். ஆகையால் யார், எந்த நாள், எந்த நேரம் வருவார் என்று நாமே குறிக்கவேண்டும்.

அதற்கு ஒரு தாளில் அவரது உறவுகளை அவரோடு சேர்ந்து எழுதலாம். "எனக்கு ஒருவருமில்லை" என்று தொடங்குபவரிடம் தாயின் குடி வழியே கேட்டுக்கொண்டு போனால் சின்னம்மா முறை, அக்கா முறை என்று சிலர் வருவர். பின்பு அயல்வீடு, உடன் படித்தவர், கடைக்காரர், அக்கரைப்பற்றிலிருந்து துணி தைக்கத் தந்த முஸ்லிம் குடும்பம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு காரியம் மட்டும் கேட்கவேண்டும். முழுப் பொறுப்பையும் ஒருவர் மேல் வைத்தால் அவர் இரண்டு கிழமையில் களைத்துவிடுவார்.

எமது உதாரணத்தில் செய்யப்பட்டது இதுதான். அயல்வீட்டுப் பெண் விடியற்காலை நாலரைக்கு அப்பத்துக்கு மாக் கரைப்பவர். அந்த வேலையைச் சில நாட்கள் இவரது அடுப்படியில் செய்தார். இரவுக்கு, சின்னம்மா முறையான ஒருவர் முதல் இரண்டு கிழமை தினமும் வந்து படுத்தார். அடுத்த இரண்டு கிழமை நான்கு இரவுகள், அதன்பின் இரண்டு இரவுகள், பின்பு இரவு ஒன்பது மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும். இவ்வாறு படிப்படியாகக் குறைப்பதற்குக் காரணம் உண்டு. தினமும் ஆள் இருந்துகொண்டே இருந்தால் தனித்திருக்கும் துணிவு வளராது. திடீரென நிறுத்தினால் இரண்டாம் முறை கைவிடப்பட்டது போலாகும். ஓர் இரவு அவர் அதிகம் பயந்தால் முந்திய படிக்கு ஒரு கிழமை திரும்பிப் போகலாம்.

துணைக்குப் படுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையை அனுப்பும் வழக்கம் எம்மிடையே உண்டு. அதைத் தவிர்ப்போம். பெரியவரின் துக்கத்தைப் பிள்ளை தாங்கக்கூடாது.

4. பத்திரங்களும் வருமானமும்

பயத்தின் ஒரு பகுதி கடதாசிகளில் இருக்கிறது. மரணச் சான்றிதழின் பிரதிகள், வீட்டு உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஓர் உறையில் சேர்க்க உதவுவோம். காணி உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரக் காணியா என்று முதலில் பார்க்கவேண்டும். அனுமதிப்பத்திரமாயின் பின்னுரிமையாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரிக்கவேண்டும். உறுதிக் காணியில் சிக்கலிருந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். தாயின் பெயரில் வந்த கொடுப்பனவு நின்றுவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி, கிராம உத்தியோகத்தரிடம் ஒருவர் கூடச் செல்லவேண்டும். எமது உதாரணப் பெண் மூன்று வருடமாகத் தொடாத தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, முதலில் இரண்டு சட்டைகள் மட்டும் தைக்க எடுத்தார். வருமானத்தோடு, ஆட்கள் வீட்டுக்கு வந்து போகும் வழியும் அதனால் திறந்தது.

5. வலி திரும்பும் நாட்கள்

ஆறிவருகிறது என்று நினைக்கும்போது சில நாட்கள் துக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும். அவற்றை முன்பே நாட்காட்டியில் குறித்துவைப்போம். தாயை இழந்தவருக்குச் சித்திரா பூரணை, தந்தையை இழந்தவருக்கு ஆடி அமாவாசை. ஆடி அமாவாசையன்று திருக்கோவில் கடற்கரையில் தீர்த்தமாட ஊரெல்லாம் திரளும்போது தனித்தவர் தனிமையை அதிகம் உணர்வார். முதலாண்டுத் திவசம் வரை கோயில் விழாவுக்குப் போகாதிருப்பவர்களும் உள்ளனர்; வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு அயலெல்லாம் போய்விட அவர் மட்டும் வீட்டில் இருப்பார். அன்று ஒருவர் அவரோடு இருப்பது போதும். கிறிஸ்தவருக்கு நவம்பர் 2ஆம் திகதியும் நத்தாரும், முஸ்லிம்களுக்கு நாற்பதாம் நாளும் பெருநாட்களும் அவ்வாறான நாட்களே. அவரவர் வழக்கத்தைக் கேட்டறிந்து அதன்படி நடப்போம்.

6. எமது துணை போதாது என்று அறிவது எப்படி?

அழுவதும், தாயின் குரல் கேட்டதுபோல் இருப்பதும், சேலையை எடுத்து மணந்து பார்ப்பதும் நோயல்ல. கவனிக்கவேண்டியவை வேறு: கிழமைக்கணக்கில் உறங்காமை, ஒருவேளையும் சமைக்காமை, குளிப்பு முழுக்கு விட்டுப்போதல், வந்தவருக்குக் கதவு திறக்காமை. ஆறு மாதங்கள் கடந்தும் ஏக்கம் சற்றும் தணியாமல் அன்றாட வாழ்வு நின்றுபோயிருந்தால், உலக சுகாதார நிறுவனம் அதனை நீடித்த துயரக் கோளாறு என வகைப்படுத்துகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு.

"நானும் அம்மாவோட போயிருக்கலாம்" என்று சொன்னால் கேட்காததுபோல் கடந்துவிடக்கூடாது. "சாகவேணும் என்று நினைவு வருகுதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. மனதில் வைத்திருப்பவருக்கு இறக்கிவைக்க இடம் கிடைக்கும். "ஓம்" என்றால் அவரைத் தனியே விடாமல், வீட்டிலுள்ள வயல் மருந்துகளையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்தி, அன்றே வைத்தியசாலைக்குக் கூடச் செல்லவேண்டும். ஆபத்தான பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் 1995இல் உச்சத்திலிருந்த தற்கொலை இறப்புகள் இலங்கையில் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டாமல் வைப்பது உயிர் காக்கும் என்பதற்கு இதுவே சான்று. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் கடந்த ஒரு வருடத்தில் பெற்றோரை இழந்து தனித்தவர் எவர்? முப்பத்தொன்றுக்குப் பின் அவர் வீட்டுக்குக் கடைசியாகச் சென்றவர் யார், எப்போது?

2. அவரிடம் "எந்த நேரம் ஆகக் கஷ்டம்?" என்று கேட்க எம்முள் பொருத்தமானவர் யார்?

3. மரண உதவிச் சங்கத்தின் உதவி அடக்கத்தோடு முடிகிறதா? முதலாண்டுத் திவசம் வரை இருவரைப் பொறுப்பாக நியமிக்க அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்கலாமா?