தாயாகப் போகிறீர்களா? கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு லீவு!

'கொலஸ்ட்ரால் மாத்திரையா? அதெல்லாம் ஐம்பது வயசுக்கு மேலதானே!' என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால், பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் எகிறும் குடும்பங்கள் உண்டு. அந்த வீட்டுப் பெண்கள் இருபது, இருபத்தைந்து வயதிலேயே 'ஸ்டாட்டின்' மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். சர்க்கரை நோய் உள்ள சிலருக்கும் அப்படித்தான். கல்யாணமாகி குழந்தைக்குத் திட்டமிடும்போது இந்த மாத்திரையை என்ன செய்வது?

ஏன் வேண்டாம்?

ஸ்டாட்டின் நம் கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிப்பதைக் குறைக்கிறது. பெரியவர்களுக்கு அது நல்லது. வயிற்றில் இருக்கும் சிசுவுக்கோ கொலஸ்ட்ரால் எதிரி அல்ல, கட்டுமானப் பொருள்! ஒவ்வொரு செல்லின் சுவருக்கும், மூளை வளர்ச்சிக்கும், ஹார்மோன்களுக்கும் அது வேண்டும். உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் அந்தத் தயாரிப்பில் கை வைக்க வேண்டாம் என்பதுதான் மருத்துவர்களின் எண்ணம்.

சரி, மருந்தை நிறுத்தினால் தாய்க்கு ஆபத்தில்லையா? ரத்தக் குழாயில் கொழுப்பு படிவது பல வருடங்களில் மெல்ல மெல்ல நடப்பது. ஒன்றரை வருட இடைவெளியால் பெரும்பாலான இளம்பெண்களுக்குப் பெரிய நஷ்டம் வராது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்தக் குறையைப் பெற்றவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்கள் விஷயத்தை இதய நிபுணர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஓர் உதாரணம்

மாலதி என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். வயது 28. அப்பாவுக்கு 42 வயதில் மாரடைப்பு. மாலதிக்கு மருந்துக்கு முன் எல்.டி.எல். எனும் கெட்ட கொலஸ்ட்ரால் 230. ரோசுவாஸ்டாட்டின் சாப்பிட்டு 115-க்கு இறங்கியிருக்கிறது. இப்போது குழந்தை வேண்டும்.

முதலில், மருந்தை நிறுத்துவதற்கு முன்பே டாக்டரிடம் போக வேண்டும். இ.சி.ஜி., தேவைப்பட்டால் எக்கோ எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போகவேண்டும். சில மாத்திரைகளில் ஸ்டாட்டினோடு வேறு மருந்துகளும் கலந்திருக்கும். பிராண்டு பெயரைப் பார்த்தால் தெரியாது. பொடி எழுத்தில் '...ஸ்டாட்டின்' என்று முடியும் பெயரைத் தேடுங்கள்.

அடுத்தது, கர்ப்பத்துக்கு முயற்சி செய்வதற்கு ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பு மருந்தை நிறுத்துவது. மருந்து சில நாட்களிலேயே உடம்பை விட்டுப் போய்விடும். இந்த இடைவெளி கூடுதல் பாதுகாப்புக்குத்தான். நிறுத்தும் வரை கருத்தடை முறையை விடக்கூடாது. முயற்சி மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனால் சும்மா இருக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். மருந்தில்லாத காலம் நீண்டுகொண்டே போவதுதான் மாலதி போன்றவர்களுக்குக் கவலை.

இடையில் ஏதாவது தேவைப்பட்டால், 'கொலஸ்டிரமின்' போன்ற பவுடரை டாக்டர் தரக்கூடும். அது குடலிலேயே தங்கி வெளியேறுவது. ரத்தத்தில் கலப்பதில்லை. ஆனால் மலச்சிக்கல் தரும். ஃபோலிக் அமில மாத்திரையையும் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் மற்ற மாத்திரைகளைப் பவுடருக்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலிலிருந்து ஆறு மணி நேரம் கழித்தோதான் சாப்பிட வேண்டும்.

ரிப்போர்ட் பார்த்துப் பதற வேண்டாம்

கர்ப்பத்தில் எல்லாப் பெண்களுக்குமே கொலஸ்ட்ரால் கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை ஏறும். குழந்தைக்காக உடம்பே செய்யும் ஏற்பாடு அது. ஆனால் 'ட்ரைகிளிசரைடு' ஏற்கெனவே மிக அதிகம் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். அது ஆயிரத்தைத் தாண்டினால் கணையம் வீங்கக்கூடும். மேல் வயிற்றில் கடும் வலி முதுகு வரை பாய்ந்து, வாந்தியும் வந்தால், 'வாயுப் பிடிப்பு' என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?

"ஐயோ டாக்டர், நாள் தள்ளிப்போனது தெரியாம ஆறு வாரம் சாப்பிட்டுட்டேனே... கலைச்சிடணுமா?"

வேண்டவே வேண்டாம்! மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எனும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கர்ப்பிணிகள் யாருமே ஸ்டாட்டின் எடுக்கக்கூடாது என்ற கடுமையான தடை வாசகத்தை 2021-ல் நீக்கச் சொன்னது. கர்ப்பம் தெரியாமல் சாப்பிட்டதால் குழந்தைக்குக் கெடுதல் வர வாய்ப்பு குறைவு என்றும் சொன்னது. ஆனாலும், பெரும்பாலானவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் நிறுத்தவேண்டும் என்பது மாறவில்லை. 18 முதல் 20 வாரத்தில் வழக்கமாக எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

பிரசவத்துக்குப் பிறகு

தாய்ப்பால் கொடுக்கும்வரை ஸ்டாட்டின் வேண்டாம். மாலதி ஆறு மாதம் பால் கொடுத்தால், மூன்று மாதம், பத்து மாதம், ஆறு மாதம் என்று மொத்தம் 19 மாத லீவு. எவ்வளவு காலம் பால் கொடுப்பது என்பதையும் டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வைக்கலாம். பால் மறக்கடித்ததும் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். குழந்தையைக் கவனிக்கும் அவசரத்தில் பலர் மறந்துபோவது இதைத்தான்!

இன்னொன்று... இந்தப் பரம்பரைக் குறை குழந்தைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. குழந்தைக்கும் எந்த வயதில் ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.