கட்டத்துணிச் சட்டையில் கோடுகளைப் பொருத்தும் முறை

நெசவாளர் சங்கமொன்றின் அங்கத்தினர் ஒருவர் தாம் நெய்த 2 அங்குலக் கட்டத்துணியில் தைத்த சட்டையொன்றை என்னிடம் கொண்டு வந்தார். துணி கோணலாய் நெய்யப்பட்டிருக்கிறதென்று வாங்கினவர் திருப்பிவிட்டாராம். பொத்தானைப் பூட்டிப் பார்த்தபொழுது, மார்பின் நடுவில் இரண்டு சிவப்புக் கோடுகள் அரை அங்குல இடைவெளியில் நெருங்கி நின்றன. மற்ற இடங்களிலோ இடைவெளி சரியாய் 2 அங்குலம் இருந்தது. ஆகவே குற்றம் தறியினுடையதன்று, கத்தரியினுடையது.

காரணத்தைக் கவனிப்போம். தையற்காரர் இரு முன்பாகங்களிலும் மடிப்பு ஓரம் சிவப்புக் கோட்டின்மேல் விழும்படி வெட்டியிருந்தார். தனித்தனியே பார்த்தால் அது அழகாகவே தோன்றும். ஆனால் பொத்தான் வரிசை நிற்பது ஓரத்திலன்று. ஓரத்தினின்று முக்கால் அங்குலம் உள்ளே தள்ளியிருக்கிறது. பூட்டும்பொழுது ஒரு பாகம் மற்றதன்மேல் ஒன்றரை அங்குலம் ஏறுகிறது. 2 அங்குலத்தில் ஒன்றரை மறைந்தால் எஞ்சுவது அரை அங்குலமே.

இதிலிருந்து அறிய வேண்டிய விதி யாதெனில், கோடுகளைப் பொருத்த வேண்டியது வெட்டும் ஓரத்தில் அன்று. உடுத்திய பின் இரு துண்டுகளும் கூடும் இடத்தில் என்பதே. மாதிரிக் காகிதத்தில் பொத்தான் வரிசைக்கு ஒரு கோடு கீறி, இரு முன்பாகங்களிலும் அக்கோடு ஒரே நிறக்கோட்டின் நடுவில் படும்படி காகிதத்தை வைக்க வேண்டும். அப்பொழுது துணி எவ்வளவு ஏறினும் கட்டம் முறியாது.

மார்புப் பைக்கும் இவ்விதியே பொருந்தும். பையை முன்னதாகவே வெட்டிவிடலாகாது. முன்பாகத்தை வெட்டியபின், பை வரும் இடத்தில் பையின் காகிதத்தை வைத்து, அடியிலுள்ள கோடுகள் காகிதத்தின் விளிம்பை எங்கே தொடுகின்றன என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இக்காகிதம் தைத்து முடிந்த பையின் அளவாயிருத்தல் அவசியம். பின்னர் அதை மிகுதித் துணியின்மேல் வைத்து, குறிகள் அதே நிறக்கோடுகளின்மேல் விழுமாறு நகர்த்தி, மடிப்புக்கான துணியை வெளியே விட்டு வெட்டுங்கள்.

பக்கத் தையலில் கவனிக்க வேண்டியவை குறுக்குக் கோடுகள். கைக்குழியின் அடிமுனையில் முன்பாகத்தில் எந்தக் கோடு வருகிறதோ, பின்பாகத்திலும் அதே கோடு வர வேண்டும். கைத்தறித் துணியில் ஊடையை அடிக்கும் அழுத்தம் இடத்துக்கிடம் சற்று மாறுவதுண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் அரைக்கால் அங்குலம் மாறினால், 8 கட்டங்கள் முடிவதற்குள் ஓர் அங்குலம் விலகிவிடும். எனவே துணியின் அகலம் இடங்கொடுக்கும் வரையில் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் அடுத்தடுத்து வைத்து வெட்டுதல் நலம். ஒரே ஊடை நூல்கள் இரண்டிலும் ஓடுவதால், மாறுதல் இருப்பினும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும்.

சரியாய் வெட்டிய துணியும் யந்திரத்தில் நழுவக்கூடும். அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியை இழுத்துச் செல்ல, மேல்துணி அழுத்தும் காலுக்குக் கீழே சிறிது பின்தங்குகிறது. ஆதலால் ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒரு குண்டூசியை மேலிருந்து குத்தி, அடியில் அதே கோட்டில் வெளிவருகிறதா என்று பார்த்த பின்பே பொருத்த வேண்டும். பிறகு கையால் நீண்ட ஓட்டுத்தையல் போட்டுக் குண்டூசிகளை நீக்கி யந்திரத்தில் தையுங்கள்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. கையின் மேற்பகுதி வளைவாயிருப்பதால், உடம்பின் கோடுகளோடு கையின் கோடுகள் முழுவதும் இணையா. முன்புறத்தில் கைக்குழியின் நடுவில் ஒரு கோடு இணைந்தால் போதுமானது. மேலும், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று ஒரே திசையில் நிறம் மாறிச் செல்லும் துணியை இரட்டையாய் மடித்து வெட்டினால், ஒரு பாகத்தில் நிறவரிசை தலைகீழாகிவிடும். அத்துணியை விரித்து ஒற்றையாகவே, எல்லாத் துண்டுகளுக்கும் தலைப்பக்கம் ஒரே திசையில் இருக்கும்படி வெட்ட வேண்டும்.

துண்டுகளை நகர்த்திப் பொருத்துவதற்குத் துணி சற்று அதிகம் வேண்டும். பெரிய துண்டு ஒன்றுக்கு ஒரு கட்டம் வீதம் கணக்கிடுக. 2 அங்குலக் கட்டமாயின், இரு முன்பாகங்களும் ஒரு பின்பாகமும் சேர்ந்து 6 அங்குலம். பைக்கும் சேர்த்துக் கால் கஜம் அதிகம் வாங்கினால் போதும். அந்த அங்கத்தினர் சட்டையைப் பிரித்துப் பார்த்தார். மாற்றித் தைக்க ஓரத்தில் துணி இல்லை. கால் கஜத்தை மிச்சம்பிடிக்கப் போய் முழுச்சட்டையும் அவருக்கு நஷ்டமாயிற்று.