கும்மட்டக் கூரையின் அளவும் கணக்கும்

வட்டமான தானியக் கிடங்கொன்றிற்குக் கும்மட்டக் கூரை எழுப்பி, உட்புறப் பூச்சு வேலைக்கான பட்டியல் பஞ்சாயத்தின் முன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையின் பரப்பு 14 சதுர மீட்டர்கூட இல்லை. பட்டியலிலோ ஏறக்குறைய 28 சதுர மீட்டர். இது கூடுதலா, சரிதானா என்னும் ஐயம் உறுப்பினர்களுக்கு எழுவது இயல்பே.

கும்மட்டம் சரிபாதிப் பந்தாக, அதாவது அரைக்கோளமாக இருக்குமாயின் இக்கணக்கு சரியே. அரைக்கோளத்தின் வளைபரப்பு, அது மூடி நிற்கும் வட்டத்தின் பரப்பைப்போல் இருமடங்கு. மரப்பந்தைச் சரிபாதியாக அறுத்து, அதன் தட்டை முகத்தை மறைக்குமாறு ஒரு கயிற்றை நெருக்கமாகச் சுருட்டி வைத்துப் பாருங்கள். அதே கயிற்றால் வளைந்த முதுகை மறைக்க முற்பட்டால், ஏறக்குறைய இரண்டு பங்கு நீளம் வேண்டியிருக்கும்.

நமது கிடங்கின் உள்விட்டம் 4.2 மீட்டர், ஆரம் 2.1 மீட்டர். ஆரத்தை ஆரத்தால் பெருக்க 4.41, அதனை 22/7 ஆல் பெருக்கத் தரைப்பரப்பு 13.86 சதுர மீட்டர். அதன் இருமடங்கான 27.72 சதுர மீட்டரே உட்பூச்சின் அளவு. கூரையின் கனம் 10 சென்டிமீட்டரானால் வெளி ஆரம் 2.2 மீட்டர் ஆகும், வெளிப்பூச்சு 30.42 சதுர மீட்டர் வரும். உள்ளும் புறமும் ஒரே அளவென்று எழுதியிருந்தால், ஏதோ ஒன்று பிழை.

கட்டுமானத்தின் கனஅளவுக்கு, வெளி அரைக்கோளத்தின் கனஅளவிலிருந்து உள் அரைக்கோளத்தினுடையதைக் கழிக்க வேண்டும். அரைக்கோளத்தின் கனஅளவு, ஆரத்தை மூன்று முறை பெருக்கி வருவதை 44/21 ஆல் பெருக்கினால் கிடைக்கும். வெளியே 22.31, உள்ளே 19.40, எனவே கட்டுமானம் ஏறக்குறைய 2.91 கன மீட்டர். செங்கல்லுக்கும் சாந்துக்கும் இதுவே அடிப்படை.

இனி, மெய்யான தொல்லைக்கு வருவோம். பார்வைக்கு அரைக்கோளமாகத் தோன்றும் கும்மட்டம் பல சமயங்களில் தாழ்வானதாக இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்து இதனைக் கண்டறிய இயலாது. கும்மட்டம் சுவரை விட்டு வளையத் தொடங்கும் மட்டத்தில், வட்டத்தின் நடுவழியே குறுக்காக ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். உச்சியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, நூல்வரை உள்ள உயரத்தை அளவுங்கள். அவ்வுயரம் விட்டத்தில் பாதியாக இருந்தால் அது அரைக்கோளம். குறைந்தால் மேற்கூறிய கணக்கு பொருந்தாது.

நமது கிடங்கில் அவ்வுயரம் 1.4 மீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆரத்தின் வர்க்கமாகிய 4.41 உடன் உயரத்தின் வர்க்கமாகிய 1.96 ஐக் கூட்டி, 22/7 ஆல் பெருக்க வேண்டும். கிடைப்பது 20.02 சதுர மீட்டர். பட்டியலில் 27.72 என்றிருந்தால், செய்யாத 7.70 சதுர மீட்டர் வேலைக்குப் பஞ்சாயத்து பணம் கொடுப்பதாக முடியும். உயரமும் ஆரமும் சமமாயிருக்கையில் இவ்விதியே இருமடங்கு விதியாகிவிடுவதால், எவ்விதக் கோளக் கும்மட்டத்திற்கும் இதனையே கையாளலாம். கூம்புபோல் உச்சி கூர்ந்த கும்மட்டங்களுக்கு மட்டும் இது பயன்படாது.

உச்சி உயரத்தைச் சாரம் பிரிப்பதற்கு முன்பே, ஒப்பந்தக்காரரையும் உடன் வைத்துக்கொண்டு அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதிவிடுவது நலம். சாரம் இறங்கிய பின் மீண்டும் ஏணி தேடுவோர் மிகச் சிலரே.