ஏழு நிமிடத்தை எப்படி எண்ணுவது: லேப்பா, ஸ்ப்ளிட்டா?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். இந்த ஓட்டத்துக்கு மார்க் கிடையாது. தேறினால் அடுத்த கட்டம், தவறினால் வீட்டுக்கு. மதுரை ரேஸ்கோர்ஸில் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கிலும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளி மைதானங்களிலும் விடியுமுன்னே சுற்றிக்கொண்டிருக்கும் இளைஞர்களில் பலருக்கு இந்த ஏழு நிமிடம்தான் கணக்கு. கையில் ஒரு டிஜிட்டல் வாட்ச் இருக்கும். அதில் நேரத்தை லேப்பாக எடுப்பதா, ஸ்ப்ளிட்டாக எடுப்பதா என்பதில்தான் குழப்பம்.

ஓட ஆரம்பித்ததிலிருந்து இந்தக் கோடு வரை மொத்தம் எவ்வளவு ஆனது என்று காட்டுவது ஸ்ப்ளிட். போன கோட்டிலிருந்து இந்தக் கோடு வரை எவ்வளவு ஆனது என்று மட்டும் காட்டுவது லேப். ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் மூச்சிரைக்க ஓடுகிறவனால் கணக்குப் போட முடியாது. ஆகவே ஓடும்போது எந்த எண் கண்ணில் பட வேண்டும், ஓடி முடித்தபின் நோட்டில் எந்த எண் ஏற வேண்டும் என்று இரண்டு கேள்விகளாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஏழு நிமிடம் என்றால் 420 நொடி. ஒரே சீராக ஓடினால் 400 மீட்டருக்கு 1:52 வரும். 400 மீட்டர் டிராக்கில் 1500 மீட்டர் என்பது மூணே முக்கால் சுற்று. அதனால் ஓட்டம் முடிகிற கோட்டில் தொடங்காது, முதல் வளைவின் முடிவருகே தொடங்கும். முடிகிற கோட்டை முதல்முறை கடக்கும்போது 300 மீட்டர்தான் ஆகியிருக்கும், அதன்பிறகுதான் முழுச் சுற்றுகள். ஏழு நிமிடத் திட்டத்துக்கான ஸ்ப்ளிட்டுகள் 300 மீட்டரில் 1:24, 700-ல் 3:16, 1100-ல் 5:08, கடைசியில் 7:00. இந்த நாலு எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்வது கஷ்டமில்லை. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறவர்களும் உண்டு. வேர்வையில் அழிந்துவிடும், மணிக்கட்டின் பின்பக்கம் எழுதினால் தாங்கும்.

ஒரு பையன் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 1:15-ல் கடக்கிறான், 700-ஐ 3:03-ல், 1100-ஐ 5:00-ல். 6:58-ல் முடித்துத் தேறிவிட்டான். ஓடும்போது ஸ்ப்ளிட் பார்த்தவனுக்கு ஒவ்வொரு கோட்டிலும் நல்ல சேதிதான்: 9 நொடி மிச்சம், 13 நொடி மிச்சம், 8 நொடி மிச்சம், கடைசியில் 2 நொடி மிச்சம். கோட்டருகே நிற்கும் கோச் “மூணு மூணு, தம்பி! நல்லா வருது!” என்று கத்தியிருப்பார்.

அதே ஓட்டத்தை லேப்பாக வைத்துப் பார்த்தால் 1:15, 1:48, 1:57, 1:58. முதல் துண்டு 300 மீட்டர்தான் என்பதை இங்கே மறக்கக் கூடாது. அந்த வேகத்தை 400-க்கு மாற்றினால் 1:40 வரும். அப்போதுதான் விஷயம் தெரிகிறது: 1:40, 1:48, 1:57, 1:58. ஆரம்பத்தில் பாய்ந்துவிட்டான். பின்பாதி முழுவதும் 1:52 என்ற தேவைக்கும் கீழான வேகத்தில்தான் ஓடியிருக்கிறான். தேறியது ஆரம்பத்தில் சேர்த்த நொடிகளைச் செலவழித்துத்தான். தேர்வன்று வெயில் ஏறியபிறகு ஓடச் சொன்னால் அந்த 2 நொடி நிற்காது. ஸ்ப்ளிட் இதைக் கடைசிவரை மறைத்துவிட்டது, லேப் உடனே காட்டிக்கொடுத்தது.

அதனால் என் பரிந்துரை இதுதான்: இலக்கு நேரம் வைத்துத் தனியாக ஓடும்போது கண்ணுக்கு ஸ்ப்ளிட், அன்று இரவு நோட்டைத் திறந்து பார்க்கும்போது லேப். ஓடும்போதே லேப் பார்ப்பவர்கள் ஒரு சுற்றில் நாலு நொடி கூடினால் பதறி, அடுத்த சுற்றில் அதை ஈடுகட்டப் பாய்கிறார்கள். மொத்தத்தில் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

நோட்டில் எழுதும்போதும் ஸ்ப்ளிட்டைத்தான் முதலில் எழுத வேண்டும், லேப்பைப் பக்கத்தில் கழித்து எழுத வேண்டும். அதற்குக் காரணம் பட்டன். மேலே சொன்ன பையன் 700 மீட்டர் கோட்டில் 3 நொடி தாமதமாக அழுத்தினான் என்றால் வாட்ச்சில் 3:06 பதிவாகும். லேப்புகள் 1:51, 1:54 என்று மாறிவிடும். திடீரென்று வேகம் விழுந்த இடம் மெல்லக் குறைந்ததுபோலத் தோன்றும். ஒரு தவறு இரண்டு லேப்பைக் கெடுக்கிறது. ஸ்ப்ளிட்டில் கெடுவது அந்த ஒரு எண் மட்டும், 5:00-உம் 6:58-உம் சரியாகவே இருக்கும். பட்டனை அழுத்தவே மறந்துவிட்டால் லேப்பில் இரண்டு சுற்று சேர்ந்து 3:45 என்று விழும். வேர்வை விரல் வழுக்கி இரண்டு தடவை அழுந்தினால் அரை நொடிக்கு ஒரு லேப் பதிவாகி, அதற்குப் பிறகான எல்லா எண்ணும் ஒரு வரிசை தள்ளிப்போகும். இப்படி நம்ப முடியாத எண் வந்தால் ஸ்ப்ளிட் வரிசையைப் பார்த்தால் எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

கழிக்கும்போது நிமிடத்தைக் கடன் வாங்கினால் 60 சேர்க்க வேண்டும், 100 அல்ல. 5:00-லிருந்து 3:03 போனால் 1:57. அவசரத்தில் 1:97 என்று எழுதிவைத்து விழிக்கிறவர்களை மைதானத்தில் பார்க்கலாம்.

இனி, எந்த வாட்ச் என்பது. கறுப்பு பிளாஸ்டிக் பட்டையோடு பலர் கையில் இருக்கும் கேசியோ எஃப்-91டபிள்யூ மாதிரியானவற்றில் லேப் கிடையாது, நினைவகமும் கிடையாது. ஸ்டாப்வாட்ச் ஓடும்போது இடது மேல் பட்டனை அழுத்தினால் திரையில் ஸ்ப்ளிட் அப்படியே நின்றுவிடும், உள்ளே நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதே பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடும் நேரம் திரைக்கு வரும். ஆக, ஒரு கோட்டுக்கு இரண்டு அழுத்தம். முதல் எண்ணைப் பார்த்துவிட்டு விடுவிக்க மறந்தால், அடுத்த கோட்டில் நீங்கள் அழுத்துவது எண்ணை நிறுத்தாது, நிற்கும் எண்ணை ஓடவிடும். அந்த ஸ்ப்ளிட் போனதுதான். வளைவு முடிவதற்குள் விடுவித்துவிட வேண்டும் என்று பழக்கிக்கொண்டால் பிரச்சினை வராது. வலது பக்கப் பட்டன் மட்டும் ஜாக்கிரதை, அது மொத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். தனியாக 1500 ஓடிப் பழகுகிறவருக்கு இந்த வாட்ச்சே போதும். மாதத்துக்கு 30 நொடி வரை முன்பின் போகலாம் என்பது அதன் கணக்கு. ஏழு நிமிடத்தில் அது நொடியில் நூறில் ஒரு பங்குகூட வராது. பிழை எப்போதும் விரலில்தான்.

இதே வாட்ச்சில் இரண்டு பேருக்கு நேரம் எடுக்கவும் வழியுண்டு. முதல் ஆள் முடிக்கும்போது இடது மேல் பட்டன், இரண்டாவது ஆள் முடிக்கும்போது வலது பட்டன். திரையில் நிற்பது முதல் ஆளின் நேரம். எழுதிக்கொண்டு இடது பட்டனை மறுபடி அழுத்தினால் இரண்டாவது ஆளின் நேரம் வரும்.

லேப் நினைவகம் உண்மையில் தேவைப்படுவது இன்டர்வெல் பயிற்சிக்கு. ஆறு தடவை 400 மீட்டர், நடுவில் 90 நொடி ரெக்கவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஸ்ப்ளிட்டால் பயனே இல்லை. மூன்றாவது 400 முடியும்போது மொத்தம் 7:48 என்று தெரிந்து என்ன செய்ய? ஓட்டம் முடியும்போது ஒரு அழுத்து, ஓய்வு முடியும்போது ஒரு அழுத்து. லேப் வரிசையில் ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி விழும். ஓட்டத்தைவிட ஓய்வு வரிசையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நாலாவது, ஐந்தாவது ஓய்வு 90 நொடியிலிருந்து 110, 120 என்று நீண்டிருந்தால், ஓட்ட நேரம் ஒரே சீராக இருந்தாலும் அது சீரான பயிற்சியல்ல. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நொடி போயிருக்கும்.

இதற்கு ஆறு ஓட்டம், ஐந்து ஓய்வு என்று 11 இடம் நினைவகத்தில் வேண்டும். பத்து லேப் வாட்ச் போதாது. முப்பது லேப் கொண்டது தாராளம். நினைவகம் நிறைந்தால் சில வாட்ச்சுகள் மேற்கொண்டு பதிவதை நிறுத்திவிடும், சிலது பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். உங்களுடையது எந்த வகை என்பதை வீட்டில் உட்கார்ந்தே பட்டனை அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். டைமெக்ஸ் அயர்ன்மேன் போன்றவை லேப், ஸ்ப்ளிட் இரண்டையும் இரண்டு வரிகளில் காட்டும். எது பெரிய எழுத்தில் வர வேண்டும் என்பதை அமைப்பில் மாற்றலாம். 1500 சோதனை ஓட்டத்தன்று SPLIT பெரிதாக, இன்டர்வெல் அன்று LAP பெரிதாக.

கோட்டில் நின்று பத்துப் பேருக்கு நேரம் எடுக்கிற பி.டி. வாத்தியாரின் பாடு வேறு. அவர் லேப்பைத் தொடவே கூடாது. ஒவ்வொருவர் கடக்கும்போதும் அழுத்தினால் லேப் காட்டுவது முந்தின ஆளுக்கும் இவனுக்கும் உள்ள இடைவெளியை. ஒருத்தனுடைய சுற்று நேரமும் அதில் கிடைக்காது. ஸ்ப்ளிட்டை வரிசையாக அழுத்திக்கொண்டு, பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி, கடக்கிறவர்களின் பெயரை வரிசையாக எழுதச் சொல்ல வேண்டும். நேரம் வாட்ச்சில், வரிசை நோட்டில், பிறகு இரண்டையும் பொருத்திக்கொள்ளலாம். சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 30 அன்று கலப்பு 4x400 தொடர் ஓட்டத்தில் இரண்டாவதாக ஓடினார், இந்திய அணி 3:19.93-ல் முடித்தது. தொடர் ஓட்டத்தில் ஒவ்வொருவரும் ஓடிய நேரமும் இப்படித்தான் கிடைக்கிறது: ஓடும் ஒரே கடிகாரத்தில் ஸ்ப்ளிட் எடுத்து, பின்னால் கழிப்பது.

அந்த அணித் தேர்வுக்காகப் பாட்டியாலாவில் அவர் 400 மீட்டர் ஓடியது 53.55 நொடி. நம் மைதானத்துக் கைக்கடிகார நேரத்தை அப்படியே இதோடு ஒப்பிடக் கூடாது. கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றித்தான் எழுத வேண்டும், 53.31 என்றால் 53.4. மின்னணு நேரத்தோடு ஒப்பிட 400 மீட்டருக்கு மேலும் 0.14 நொடி கூட்டுவது வழக்கம். 1500 மீட்டருக்கு இன்னொன்றும் உண்டு. தொடங்குமிடம் முடிகிற கோட்டிலிருந்து குறுக்கே எழுபது எண்பது மீட்டர் தள்ளி இருக்கிறது. விசில் சத்தம் அங்கிருந்து வந்துசேரக் கால் நொடி அளவுக்கு ஆகும். தொடங்கிவைப்பவர் கையைத் தூக்கி இறக்க வேண்டும், வாட்ச் வைத்திருப்பவர் கண்ணால் பார்த்து அழுத்த வேண்டும். 6:58 ஓடுகிறவனுக்கு இது பெரிதில்லை. 6:59.8 ஓடுகிறவனுக்குப் பெரிது.