பில்லை போட்டோ எடுத்தா ஆப் எப்படிப் படிக்குது? 115.50 எப்படி 11550 ஆகுது?

மாசச் செலவை ஆப்ல எழுதி வைக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கும். ஒவ்வொரு பொருளா டைப் பண்ணாம, பில்லை போட்டோ எடுத்தா போதும், ஆப்பே படிச்சு ஏத்திக்கும் என்ற வசதி இப்போ நிறைய ஆப்ல வந்திருக்கு. இதுக்குப் பின்னாடி இருக்கிற தொழில்நுட்பத்துக்குப் பேரு ஓசிஆர். படத்துல இருக்கிற எழுத்தை அடையாளம் கண்டு, டைப் பண்ணின எழுத்தா மாத்துறதுதான் அதோட வேலை.

வசதியானதுதான். ஆனா அது தப்பாப் படிக்கிறப்போ "தெரியலை"ன்னு பெரும்பாலும் சொல்லாது. ஏதோ ஒரு எண்ணைப் போட்டுட்டுப் போயிடும். அது எங்க தப்பு பண்ணும், நாம எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு இந்தப் பதிவுல பார்ப்போம்.

படம் எழுத்தா மாறுவது எப்படி?

நீங்க எடுத்த போட்டோ கம்ப்யூட்டருக்கு வெறும் நிறப் புள்ளிகளின் கூட்டம்தான். அதுல "165" என்று எழுதியிருப்பது அதுக்குத் தெரியாது.

முதல்ல படத்தைக் கறுப்பு வெள்ளையா மாத்தும். ஒரு அளவை விட இருட்டா இருந்தா எழுத்து, வெளிச்சமா இருந்தா காகிதம்னு பிரிச்சுடும். சாய்ஞ்ச படத்தை நேராக்கும். அங்கங்க இருக்கிற சின்னச் சின்ன அழுக்குப் புள்ளிகளைத் துடைச்சுடும். அப்புறம் எழுத்து இருக்கிற வரிகளைத் தனித்தனியாப் பிரிக்கும்.

அடுத்ததா, வரியில இருக்கிற வடிவங்களைப் பார்த்து இது எந்த எழுத்துன்னு முடிவு பண்ணும். பழைய மென்பொருள்கள் ஒவ்வொரு எழுத்தையும் தனியா வெட்டி எடுத்து அடையாளம் கண்டன. டெஸராக்ட் என்ற இலவச மென்பொருள் 2018-ல வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து முழு வரியையும் சேர்த்தே படிக்குது. அதாவது, பக்கத்து எழுத்துகளையும் வெச்சு ஊகிக்குது.

கடைசி வேலை, படிச்ச எழுத்துல எது பொருளோட பேரு, எது விலை, எது மொத்தம்னு பிரிக்கிறது. இது ஓசிஆர் முடிஞ்ச பிறகு ஆப் தனியாச் செய்யும் வேலை. எழுத்தைச் சரியாப் படிச்சும் இந்தக் கட்டத்துல தப்பு நடக்கலாம்.

பேரு சரியா வருது, விலை ஏன் தப்பா வருது?

ஒரு பில்லுல SOAP என்ற வார்த்தையில A பாதி அழிஞ்சிருக்குன்னு வெச்சுக்குவோம். முன்னாடி SO, பின்னாடி P இருக்கிறதால நடுவுல A-வாத்தான் இருக்கும்னு மென்பொருள் ஊகிச்சுடும். நாமளும் அப்படித்தான் படிக்கிறோம்.

இப்போ 668.50-ல முதல் 6 பாதி அழிஞ்சிருக்கு. மிச்சம் இருக்கிற 68.50-ஐ வெச்சு முதல் எண் எதுன்னு ஊகிக்க முடியுமா? முடியாது. 568.50-ம் ஒரு நியாயமான தொகைதான். அதனால, அழிஞ்ச பில்லுல கூட பொருளோட பேரு சரியா வந்து, நமக்கு முக்கியமான விலை தப்பா வரும். 6-ம் 5-ம், 8-ம் 3-ம், 1-ம் 7-ம் அடிக்கடி இடம் மாறுகிற ஜோடிகள். ₹ அடையாளத்தைச் சரியாப் பழகாத மென்பொருள் அதையே 7 அல்லது 2-ன்னு படிச்சு, தொகைக்கு முன்னாடி ஒட்டி வெச்சுடும்.

அடுத்த ஆபத்து, புள்ளி. கடையில தர்ற பில் பெரும்பாலும் தெர்மல் பேப்பர். அதுல மை கிடையாது. பூச்சு பூசின காகிதத்தைச் சூடுபடுத்திக் கறுப்பாக்குறாங்க. ரூபாய்க்கும் பைசாவுக்கும் நடுவுல இருக்கிற புள்ளி அதுல ரொம்பச் சின்னது. கொஞ்சம் மங்கினாலே, அழுக்கைத் துடைக்கிற கட்டத்துல அதுவும் சேர்ந்து போயிடும். தமிழ்ல அச்சான பில்லா இருந்தா "பருப்பு" என்பது "பருபபு"ன்னு வரும். பார்த்ததும் தப்புன்னு தெரிஞ்சுடும். எண்ணுல புள்ளி போனா, அது இன்னொரு எண்ணாத்தான் தெரியும்.

ஒரு பில்லை வெச்சுப் பார்ப்போம்

இது ஒரு மாதிரி மளிகை பில். வரிசை இப்படி: பொருள், அளவு, விலை, தொகை.

```
TOOR DAL      1.000  165.00   165.00
SUNFLOWER OIL 2      148.00   296.00
SUGAR         2.000   46.00    92.00
BATH SOAP     3       38.50   115.50
TOTAL                         668.50
CASH                         1000.00
BALANCE                       331.50
```

பில் மங்கியிருந்ததால கடைசிப் பொருளும் மொத்தமும் இப்படி வந்திருக்குன்னு வெச்சுக்குவோம்:

```
BATH SOAP     3       38.50    11550
TOTAL                         568.50
CASH                         1000.00
BALANCE                       331.50
```

TOTAL என்ற வார்த்தையைத் தேடி எடுக்கிற ஆப், 100 ரூபாய் குறைச்சு எழுதும். பில்லுலயே பெரிய எண் எதுவோ அதுதான் மொத்தம்னு எடுக்கிற ஆப், சோப்புக்கு 11,550 ரூபாய் செலவுன்னு எழுதும். எல்லாம் சரியாப் படிச்சிருந்தாலும் அந்த ஆப் நீங்க கொடுத்த 1,000 ரூபாயைத்தான் மொத்தமா எடுத்திருக்கும். மாசக் கடைசியில இந்தக் கணக்கை நம்பி "இந்த மாசம் கையை மீறிப் போச்சு, எஸ்ஐபியை நிறுத்திடலாம்"னு முடிவெடுத்தா, அது இல்லாத செலவுக்காக எடுத்த முடிவு.

பில்லே பில்லைத் திருத்தும்

நல்ல விஷயம் என்னன்னா, பில்லுல ஒரே தகவல் ரெண்டு மூணு இடத்துல மறைஞ்சிருக்கும்.

அளவை விலையால பெருக்கினா தொகை வரணும். 3 × 38.50 = 115.50. அப்போ 11550 தப்பு. சரியான தொகைகளைக் கூட்டினா 165 + 296 + 92 + 115.50 = 668.50. மொத்தம் 568.50-ன்னு வந்தது தப்பு. சந்தேகமா இருந்தா இன்னொரு வழி: கொடுத்த 1,000-ல மீதி 331.50-ஐக் கழிச்சா அதே 668.50 வருது. ரெண்டு தனித்தனி வழியில ஒரே விடை வந்தா தைரியமா நம்பலாம்.

ஷீட்ல ஏத்துறவங்க B-யில அளவு, C-யில விலை, D-யில தொகை வெச்சு E-யில இந்த பார்முலாவைப் போடுங்க:

```
=IF(ABS(B2*C2-D2)>0.5,"CHECK","OK")
```

CHECK வந்த வரியை மட்டும் பில்லோட ஒப்பிட்டுப் பார்த்தா போதும். #VALUE! வந்தா, ஏதோ ஒரு எண்ணுக்குள்ள O அல்லது S மாதிரி எழுத்து புகுந்திருக்குன்னு அர்த்தம்.

இதுக்கும் எல்லை இருக்கு. கடையில தள்ளுபடி கொடுத்திருந்தாலோ, மொத்தத்தை முழு ரூபாயாக்கியிருந்தாலோ கூட்டுத்தொகை ஒத்துப் போகாது. பில்லுல DISCOUNT, ROUND OFF வரிகளைப் பாருங்க. தேதியை இந்தச் சோதனை பிடிக்காது. 05/08 என்பதை ஆகஸ்ட் 5-க்குப் பதிலா மே 8-ன்னு ஆப் எடுத்துக்கலாம். அதை நீங்கதான் கண்ணால பார்க்கணும். கையால எழுதின பில்லுக்கு நேரடியா டைப் பண்றதே வேகமான வழி.

போட்டோ எடுக்கும்போது

தெர்மல் பில் சூட்டுலயும் வெயில்லயும் மங்கிடும். அதனால வாங்கின அன்னைக்கே எடுத்துடுங்க. வாரண்டி பில்லுக்கு இது ரொம்ப முக்கியம். மடிப்பை நீவி, சமமா வெச்சு, நேர் மேலிருந்து எடுங்க. மடிப்புக் கோடு ஒரு எண் மேல விழுந்தா அந்த எண்தான் முதல்ல தப்பும். உங்க கை நிழல் பாதி பில்லுல விழுந்தா, நிழல் பகுதி முழுக்கக் கறுப்பாகி எழுத்தே காணாமப் போகலாம். ஜன்னல் பக்கம் வெச்சு எடுத்தா இந்தப் பிரச்சினை குறையும்.

கடைசியா வாங்கின மளிகை பில்லை எடுத்து, ஆப் ஏத்தின தொகையோட ஒரு தடவை கூட்டிப் பாருங்க. எந்த எண் மாறியிருந்ததுன்னு கமெண்ட்ல எழுதுங்க. பில்லோட போட்டோவைப் போடாதீங்க, அதுல உங்க போன் நம்பர் இருக்கலாம்.