மேடைக்கு எத்தனை கிலோ பூ?

கல்யாண மேடைக்குப் பூச்சரம் வேணும்னு கேட்டா நாம சொல்றது அடிக் கணக்கு. கோயம்பேடு மார்க்கெட்ல பூ விக்கிறது கிலோ கணக்கு. கோர்க்கிறவங்க கூலி கேக்கிறது சில இடத்துல அடிக்கு, சில இடத்துல கிலோவுக்கு. இந்த மூணையும் சேர்க்கத் தெரியாததாலதான் பாதிப் பேர் "மொத்தமா எவ்வளவு ஆகும்?"னு கேட்டுட்டு, சொன்ன தொகைக்குத் தலையாட்டிட்டு வந்துடுறாங்க.

போன மாசம் எங்க சீனியர் ஒருத்தரோட தங்கச்சி கல்யாணம், பெருங்குடியில. மேடை அலங்காரம் நண்பர்களே பண்றதா முடிவாச்சு. பூக்கணக்கு என் தலையில விழுந்தது. மேடைக்குப் பின்னாடி 20 அடி அகலத்துக்கு ஒரு சட்டம். அதுல அரை அடிக்கு ஒண்ணா 8 அடி நீளச் சரங்கள் தொங்கணும். மேலே முன்பக்கம் அஞ்சு வளைவு, ஒவ்வொண்ணும் ரெண்டு அடுக்கு. எல்லாமே செண்டுமல்லி, மஞ்சளும் ஆரஞ்சும்.

முதல்ல நீளம். 20 அடியை அரை அடியால வகுத்தா 40. ஆனா சரம் 40 இல்ல, 41. ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொண்ணு வரும். வேலி போடும்போது கம்பம் எண்ற அதே கதை. 41 சரம், 8 அடி, ஆக 328 அடி.

வளைவுலதான் எல்லாரும் ஏமாறுவாங்க. நாலு அடி இடைவெளிக்கு நாலு அடி சரம் வெட்டினா அது கயிறு மாதிரி நேரா நிக்கும், தொங்காது. எவ்வளவு தொங்கணும்னு முதல்ல முடிவு பண்ணணும். இடைவெளி s, நடுவுல தொங்கற ஆழம் d-ன்னா நீளம் ஏறக்குறைய இப்படி:

```
L = s + 8*d*d / (3*s)
```

மேல் அடுக்கு 1 அடி தொங்கினா 4.67 அடி, கீழ் அடுக்கு ஒன்றரை அடி தொங்கினா 5.5 அடி. ரெண்டும் சேர்த்து ஒரு வளைவுக்கு 10.17 அடி, அஞ்சு வளைவுக்கு சுமார் 51 அடி. ஃபார்முலா பிடிக்காதவங்க ஒரு நூலைத் தொங்கவிட்டு அளக்கலாம், விடை இதுக்குக் கொஞ்சம் குறைவா வரும். மொத்தம் 379, நான் 380-ன்னு எடுத்துக்கிட்டேன்.

(முழக் கணக்குல மட்டும் ஆர்டர் கொடுக்காதீங்க. முழங்கையிலேர்ந்து விரல் நுனி வரைங்கிறது ஆளுக்கு ஆள் மாறும். தலையில வைக்கிற மல்லிக்கு அது போதும், 41 சரம் ஒரே மட்டத்துல முடியணும்னா போதாது.)

இப்ப அடியைக் கிலோவா மாத்தணும். இதுக்கு "அடிக்கு இத்தனை கிராம்"னு யாரும் வாய்ப்பாடு தர முடியாது, பூவோட பருமனைப் பொறுத்தது. ஆனா கண்டுபிடிக்கறது சுலபம். எங்க தெருவுல பூ விக்கிற அக்கா கிட்ட ஒரு கிலோ உதிரிப்பூ வாங்கி எண்ணினோம்: 160 பூ. ஊசியில நெருக்கமா கோர்த்து ஸ்கேல் வச்சுப் பார்த்தா ஒரு அடிக்கு 12 பூ. 12-ஐ 160-ஆல வகுத்தா 0.075 கிலோ, அதாவது அடிக்கு 75 கிராம்.

380 அடிக்கு 28.5 கிலோ. ஆனா மூட்டையில வர்றதுல நசுங்கினது, இதழ் உதிர்ந்தது, காம்பு ஒடிஞ்சதுன்னு பத்துல ஒரு பங்கு கழியும்னு வச்சுக்கிட்டோம். அதுக்கு 28.5-ஐ 0.9-ஆல வகுக்கணும், 10 சதவீதம் கூட்டக்கூடாது. வகுத்தா 31.67, கூட்டினா 31.35. சின்ன வித்தியாசம்தான், ஆனா கழிவு கூடக்கூட இடைவெளி பெருசாகும். 32 கிலோன்னு முடிச்சோம்.

கணக்கை அக்கா கிட்ட காட்டினேன். ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"தம்பி, நீ எண்ணினது காஞ்ச பூ. அன்னிக்கு ராத்திரி மழை பேஞ்சா?"

நனைஞ்ச பூ கனக்கும், கிலோவுக்கு எண்ணிக்கை குறையும். 160 இருந்த இடத்துல 130-ன்னு வச்சுக்கோங்க. 32 கிலோவுல கழிவு போக 3,744 பூதான் தேறும். அது 312 அடி. 68 அடி குறையுது, அதாவது எட்டு சரத்துக்கு மேல. மேடைக்குப் பின்னாடி நாலு அடி அகலத்துக்கு வெறும் துணி தெரியும், அதுவும் விடியக்காலை முகூர்த்தத்துக்கு முன்னாடி. அந்த நேரத்துல பெருங்குடியிலேர்ந்து கோயம்பேடு போய்த் திரும்ப முடியாது. அதனால மூட்டையை இறக்கினதும் ஒரு கிலோ எடுத்து எண்ணிடணும். அஞ்சு நிமிஷ வேலை. 130 வந்தா தேவை 39 கிலோன்னு அப்பவே தெரிஞ்சுடும், மீதி ஏழு கிலோவுக்கு ஆள் அனுப்ப நேரம் இருக்கும்.

கூலிக்கு வருவோம். கோர்க்கிறவங்க கைக்கு வேலை எடையால வர்றதில்ல, எத்தனை தடவை ஊசி குத்தணுங்கிறதால வருது. எங்களுக்கு 380 அடி, 4,560 பூ. சின்னப் பூவா அடிக்கு 18 வந்தா அதே நீளத்துக்கு 6,840 தடவை குத்தணும். அடிக் கூலி மாறாம இருந்தா அவங்களுக்கு ஒன்றரை மடங்கு வேலை, காசு அதே. கிலோவுக்குக் கூலி பேசினாலும் இதே தான்: சின்னப் பூவுல ஒரு கிலோ ரொம்ப நேரம் இழுக்கும். பூ எந்த ரகம்னு சொல்லாம கூலி பேசறது நியாயமில்லைன்னு எனக்குத் தோணுது.

அக்கா கை வேகம் மணிக்கு 40 அடி. 380 அடிக்கு ஒன்பதரை மணி நேரம், நாலு பேர் உட்கார்ந்தா ரெண்டரை மணிக்குள்ள முடியும். அடிக்கு 4 ரூபாய் பேசினோம், கூலி 1,520. பூ கிலோ 80 ரூபாய், 32 கிலோ 2,560. ரெண்டும் சேர்த்து 4,080, அதாவது அடிக்குப் பத்தே முக்கால் ரூபாய். நூலும் ஆட்டோவும் தனி.

முகூர்த்த நாள்ல பூ விலை ஏறும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கிலோ 160 ஆச்சுன்னா பூச்செலவு 5,120. கூலி அதே 1,520. மொத்தம் 6,640, அடிக்குப் பதினேழரை. பூ விலை ரெண்டு மடங்கு ஆனாலும் அடி விலை ரெண்டு மடங்கு ஆகலை, 63 சதவீதம்தான் கூடுது. "பூ டபுள் ஆயிடுச்சு, அடியும் டபுள்"னு யாராவது சொன்னா, கூலியையும் டபுளா கோர்க்கிறவங்களுக்குக் கொடுக்கறாங்களான்னு கேட்டுப் பாருங்க. அதனாலதான் நாங்க சீட்டுல ஒரே தொகையா எழுதலை. கூலி அடிக்கு இவ்வளவுன்னு உறுதி, பூ வாங்கற அன்னிக்கு மார்க்கெட் விலைன்னு ரெண்டு வரியா எழுதினோம்.

இன்னொண்ணு, எங்களுக்குப் பின்னாடிதான் புரிஞ்சது. செங்குத்தா தொங்கற சரத்துல பூ வாடும்போது சுருங்கிக் கீழே இறங்கும், மேல் முனையில வெறும் நூல் தெரியும். சாயங்காலம் கட்டின சரம் காலையில ரெண்டு விரல் இறங்கியிருந்தது. அடியில பெரிய முடிச்சு இருந்ததால பூ கொட்டலை. மேலே தெரிஞ்ச நூலை மறைக்க, மிச்சம் இருந்த உதிரிப்பூவைக் கொத்துக்கொத்தா கட்டி ஒட்டினோம். அடுத்த தடவை அடிக்கு 12 இல்ல, 13 பூ வச்சு நெருக்கச் சொல்லப் போறேன். 380 அடிக்கு அது இன்னும் 380 பூ, கழிவோட இரண்டே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.