மாஸ்க் சரியென்றால் படம் சரி

போட்டோவில் வேண்டாத பொருளை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் கம்ப்யூட்டரே நிரப்புவதுதான் இன்பெயின்டிங். எங்கே நிரப்புவது என்று காட்டும் கறுப்பு வெள்ளைப் படமே மாஸ்க். வெள்ளை இடம் மாறும், கறுப்பு இடம் அப்படியே இருக்கும்.

எங்கள் தாத்தாவுக்கு இருப்பது ஒரே போட்டோ. பக்கத்தில் யாருடையதோ ஒரு சைக்கிள். அதை எடுக்க, 2023-இல் மெட்டா வெளியிட்ட செக்மென்ட் எனிதிங் மாடலை எடுத்துக்கொண்டேன். சைக்கிள் மேல் ஒரு புள்ளி வைத்ததும் மாஸ்க் வந்துவிட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் மூன்று குறைகள்: சக்கரக் கம்பிகளுக்கு நடுவே ஓட்டை, சீட்டை ஒட்டியிருந்த தாத்தாவின் விரல்களும் வெள்ளை, தரையிலிருந்த நிழல் விட்டுப்போச்சு.

விரல் மேல் 'வேண்டாம்' புள்ளி வைத்தேன். பாதிதான் விலகியது, மீதியைக் கறுப்பு பிரஷால் கையாலேயே திருத்தினேன். ஓட்டைகளையும் நிழலையும் வெள்ளையால் அடைத்தேன். நிழலை விட்டால், அதற்கேற்ற ஏதோ ஒரு பொருளை மாடல் மறுபடியும் வரைந்துவிடக்கூடும்.

கடைசியாக மாஸ்க்கை வெளிப்பக்கம் 5 பிக்சல் விரித்தேன். ஓரத்தில் சைக்கிளின் நிறம் மிஞ்சினால் பேய்க்கோடு மாதிரி தெரியும். விரல் பக்கம் மட்டும் விரிக்கவில்லை. அங்கே வெள்ளை பட்டால் வருவது தாத்தாவின் விரல் அல்ல, மாடல் கற்பனை செய்த விரல்!